தலையோடு இருக்கும் மீனைக் கேளுங்கள்

ஹட்டன் டவுனில் காலை எட்டு மணிக்குத் தட்டில் கிடக்கும் கும்பளா, பெரும்பாலும் முந்தின இரவு பேலியகொடை மொத்தச் சந்தையில் லொறி ஏறி, அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக மலையேறி வந்தது. பேலியகொடைக்கு வருமுன் அது எங்கே கிடந்தது என்பது மீனுக்கு மீன் வேறுபடும். சாலயா, ஹுருல்லா, கும்பளா போன்ற சிறு மீன்களை அநேகமாக அன்றன்று போய்த் திரும்பும் படகுகள் கொண்டுவருகின்றன. கெலவல்லா, பலயா, தலபத் போன்றவை பலநாள் படகுகளில் வருபவை. அந்தப் படகுகள் இரண்டு மூன்று கிழமை கடலில் நின்றுதான் கரைக்குத் திரும்பும். முதல் நாள் பிடித்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே ஐஸ் அறைக்குள் இருந்து ஒரே நாளில் இறங்கும்.

ஆகவே மலையகத்தில் மீன் வாங்குகிறவர் "இன்றைக்குப் பிடித்ததா?" என்று கேட்டுப் பயனில்லை. பிடித்த நேரத்திலிருந்து இந்தத் தட்டு வரை மீன் ஐஸை விட்டுப் பிரியாமல் வந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடியவை மீனின் கண்ணும் செவுளும் வாடையும். இவை மூன்றும் தலையில்தான் இருக்கின்றன. தலை வெட்டிய மீன் அந்தப் பதிலில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. சிறிய பட்ஜெட்டில் வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. ஏனென்றால் மலிவான மீன்கள்தான் முழுதாக, தலையோடு விற்கப்படுகின்றன.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கிவிடுவோம். "இங்கே குளிர்தானே, மீன் கெடாது" என்று நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் அடிக்கடி சொல்வார்கள். மனிதருக்குக் குளிர்கிற அளவு மீனுக்குப் போதாது. ஐஸுக்குள் புதைந்திருக்கும் மீன் ஏறக்குறைய 0 பாகை செல்சியஸில் இருக்கும். 10 பாகையில் மீன் கெடும் வேகம் அதைப்போல நாலு மடங்கு, 20 பாகையில் ஒன்பது மடங்கு. அதாவது ஐஸில் ஒரு முழு நாளில் நடக்கும் கெடுதல், ஸ்வெட்டர் போடவைக்கிற 10 பாகைக் காலையில் ஆறு மணி நேரத்திலேயே நடந்து முடியும். அதனால் கடைக்குப் போனதும் முதலில் தட்டைப் பாருங்கள். மீனுக்கு அடியிலும் மேலேயும் உடைத்த ஐஸ் இருக்கிறதா, அல்லது ஈரத் தகரத்தில் வெறுமனே கிடத்தியிருக்கிறார்களா? மீனின் முதுகில் விரலை வைத்தால் ஐஸ் தண்ணீரில் கைவிட்டதுபோலச் சில்லென்று இருக்க வேண்டும். "கொஞ்சம் குளிராக" இருந்தால் போதாது.

கண்

நல்ல மீனின் கண் வெளியே புடைத்து நிற்கும். மணி கறுப்பாக, அதன்மேல் உள்ள படலம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். நாள் போகப்போக முதலில் புடைப்பு இறங்கிக் கண் தட்டையாகும், பிறகு மணி சாம்பல் நிறமாகும், கடைசியில் நடுவில் குழி விழுந்து பால் படிந்ததுபோல வெளுக்கும். நேராக மேலிருந்து பார்த்தால் புடைப்பு தெரியாது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னத்தின் மட்டத்துக்கு மேலே கண் எழும்பி நிற்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் கண்ணை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கும்பளா, சாலயா, ஹுருல்லா, லின்னா ஆகிய மீன்களுக்குக் கண்ணைச் சுற்றி ஒளி ஊடுருவும் கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது. புதிய மீனிலும் கண்ணின் ஓரங்கள் அதனால் மங்கலாகத் தெரியும். அந்த மீன்களில் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் உள்ள கறுப்பு மணியை மட்டும் பாருங்கள். அதோடு, ஐஸ் கட்டி நேரே கண்ணில் பட்டுக் கிடந்தால் நல்ல மீனின் கண்ணும் வெளுத்துப்போகும், உறைந்து இளகிய மீனுக்கும் அப்படியே. ஆகவே மங்கிய கண் ஒரு சந்தேகம் மட்டுமே. தீர்ப்பைச் செவுளிடம் கேளுங்கள். இதன் மறுபக்கத்தில் விதிவிலக்கு கிடையாது: கண் குழி விழுந்து மணியும் வெளுத்திருந்தால் அந்த மீனை வாங்கக்கூடாது.

செவுள்

மூன்றில் அதிகம் நம்பத்தக்கது செவுள். மீனின் உடம்பில் இரத்தம் மிக நெருக்கமாக ஓடும் இடம் அது, கிருமிகள் முதலில் பெருகும் இடமும் அதுவே. தட்டில் கிடக்கும் மீனின் மேல் தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக்கலாம். செவுள் மூடிக்குள் நடந்ததை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது.

கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. "நானா, இந்தக் கும்பளாவோட செவுளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்றால், நல்ல சரக்கு வைத்திருப்பவர் கத்தி முனையால் மூடியைத் திறந்து காட்டிவிடுவார். உள்ளே கருஞ்சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு இழைகள் சீப்புப் பற்கள்போலப் பிரிந்து நிற்க வேண்டும். அவற்றின் மேலுள்ள வழுவழுப்பு தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். இரத்தத்தின் சிவப்பு காற்றுப் பட்டு நாளடைவில் பழுப்பாக மாறும். வழுவழுப்பும் தெளிவிலிருந்து பால் நிறத்துக்கும், பிறகு மஞ்சள் பழுப்புக்கும் போகும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பசைபோல ஆகியிருந்தால், நிறம் எப்படி இருந்தாலும் அந்த மீனின் காலம் கடந்துவிட்டது.

வெளிறிய செவுளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐஸ் உருகிய தண்ணீர் இரண்டு நாள் செவுள் வழியாக வடிந்தால் இரத்தம் கழுவுண்டு இழைகள் வெளிர் ரோஜா நிறமாகும். இது நன்றாக ஐஸ் போட்ட மீனிலும் நடக்கும். மலைக்கு வரும் மீனில் இப்படி அடிக்கடி காணலாம். வெளிர் ரோஜாவாக இருந்து வழுவழுப்பு தெளிவாகவும் வாடை சுத்தமாகவும் இருந்தால் வாங்கலாம். பழுப்பு, சாம்பல், மஞ்சள் இவற்றில் எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

வாடை

கடல் மீனின் சதையில் இயற்கையாக உள்ள, வாடையில்லாத ஒரு பொருளைக் கிருமிகள் உடைத்து டிரைமெதிலமைன் என்ற பொருளாக மாற்றுகின்றன. நாம் "மீன் நாத்தம்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். புதிய மீனில் கடற்பாசி வாடையோ ஈர உப்பு வாடையோ லேசாக வரும். சில நாள் ஐஸில் இருந்த நல்ல மீனில் எந்த வாடையும் இராது. கவிச்சி தூக்கலாக இருந்தால் அது எல்லையை நெருங்கிவிட்டது. புளித்த வாடையோ, மூக்கில் ஏறும் அமோனியாவோ வந்தால் எல்லையைத் தாண்டிவிட்டது.

குளிரில் வாடை அடங்கியிருக்கும் என்பதால் மலையகக் காலையில் மூக்கு நம்மை ஏமாற்றும். ஐஸிலிருந்து எடுத்த மீனை முகத்தருகே கொண்டுபோனால் கெட்ட மீனும் சாதுவாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு வழி: ஆட்காட்டி விரலைச் செவுளுக்குள் விட்டு இழைகளில் ஒருமுறை தேய்த்து எடுங்கள். அந்த வழுவழுப்பைப் பெருவிரலால் பத்து விநாடி தேய்த்துச் சூடேற்றிவிட்டு முகருங்கள். அடங்கியிருந்த வாடை அப்போது எழும்பும். விரலில் ஒட்டிய நிறத்தையும் அப்படியே பாருங்கள். தெளிவான ஈரத்தில் இரத்தச் சிவப்பு கலந்திருந்தால் நல்லது, காவி நிறப் பசை ஒட்டினால் மீனை வைத்துவிடலாம்.

இரண்டு மீன்களுக்கு மூக்கை வேறு விதமாகப் பழக்க வேண்டும். சுறாவிலும் திருக்கையிலும் யூரியா அதிகம், அது சீக்கிரம் அமோனியாவாக மாறும். அவற்றில் லேசான அமோனியா வாடையும் தாமதத்தைக் காட்டுவதுதான், "சுறான்னா அப்படித்தான்" என்பதை ஏற்க வேண்டாம். மற்றது திலாப்பியா. நன்னீர் மீனாதலால் கெடும்போது கடல் மீனளவு கவிச்சி அடிக்காது, அதனால் வாடை இல்லை என்பதை மட்டும் வைத்து அதை நல்லதென்று கொள்ள முடியாது. செவுளின் நிறத்தையும் வயிற்றின் இறுக்கத்தையும் அதிகம் பாருங்கள். சில நீர்த்தேக்கத்து மீனில் வரும் மண் வாடை வேறு விஷயம். அது தண்ணீரிலுள்ள பாசி வகைகளிலிருந்து சதையில் ஏறுவது, மீன் கெட்டதைக் காட்டாது.

கண்ணும் செவுளும் மூக்கும் காட்டாத ஒன்று

பலயா, கெலவல்லா, அலகொடுவா, கும்பளா, சாலயா போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் சூடேறிக் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு எழும்பி, நெஞ்சு படபடக்கும். "எனக்கு பலயா ஒத்துக்காது" என்று பலர் சொல்வதில் ஒரு பகுதி இதுவாக இருக்கக்கூடும். சாப்பிட்டவர் மேல் குற்றமில்லை, மீனை வெயிலில் விட்டதுதான் காரணம். மோசமான விஷயம் என்னவென்றால், ஹிஸ்டமின் ஏறிய மீன் பார்வைக்கும் முகர்வுக்கும் நன்றாகவே இருக்கலாம். ஒருமுறை உண்டானால் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் போகாது. காலையில் சூடேறி, மாலையில் மீண்டும் ஐஸில் போட்ட மீனிலும் அது அப்படியே இருக்கும்.

இதற்கு வாங்குகிறவர் கையில் உள்ள காவல் குளிர் ஒன்றுதான். பலயாவும் கெலவல்லாவும் ஐஸுக்குள் புதைந்திருந்தால் வாங்குங்கள். தோட்டப் பாதையில் மத்தியானம் வரை பெட்டியில் ஐஸ் இல்லாமல் சுற்றிவரும் பலயா எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

துண்டு மீனும் முழு மீனும்

துண்டாக வெட்டி வைத்த தோராவிலும் கெலவல்லாவிலும் கண்ணும் செவுளும் போய்விட்டன. மிஞ்சுவது சதை மட்டும். சதைப் படலங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி இடைவெளி விழுந்திருக்கிறதா, தட்டில் சிவந்த நீர் தேங்கியிருக்கிறதா, கெலவல்லாவின் சிவப்பு பழுப்பாகிவிட்டதா என்று பார்க்கலாம். வெட்டுப் பரப்பில் வானவில் மினுக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தசை நார்களில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதுதான் அது. எப்படியும் துண்டு வாங்குவதென்றால், தலை இன்னும் தட்டில் இருக்கும் மீனிலிருந்து உங்கள் கண்முன் வெட்டித் தரச் சொல்லுங்கள். தலையின் செவுளைப் பார்த்துவிட்டுத் துண்டை வாங்குங்கள்.

பட்ஜெட்டுக்கு ஏற்ற மீன்

தட்டில் எழுதியிருக்கும் கிலோ விலை வீட்டுச் சட்டிக்குள் போகும் மீனின் விலை ஆகாது. தலையும் குடலும் நீக்கினால் ஒரு கிலோ சாலயா அல்லது கும்பளாவில் ஏறக்குறைய 650 கிராம் மிஞ்சும். தோலும் நடுமுள்ளும் உள்ள துண்டு மீனில் 900 கிராம் வரை கிடைக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக எடுத்தவை, கிழமைக்குக் கிழமை மாறும். கையில் 1,500 ரூபாய், வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு 150 கிராம் சுத்தம் செய்த மீன் என்றால் 750 கிராம் வேண்டும்.

சாலயா கிலோ 600 என்றால் 1,150 கிராம் வாங்க வேண்டும், 690 ரூபாய் ஆகும். கும்பளா கிலோ 1,000 என்றால் அதே எடைக்கு 1,150 ரூபாய். பலயா துண்டு கிலோ 1,400 என்றால் சுமார் 830 கிராம் போதும், 1,160 ரூபாய் போல ஆகும். தோரா 3,000 என்றால் 2,500 ரூபாய் ஆகி, கையிலுள்ளதைத் தாண்டிவிடும். தட்டில் 400 ரூபாய் வித்தியாசம் காட்டிய கும்பளாவும் பலயாவும் சட்டியில் ஒரே விலைக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள். இவற்றுக்கிடையே விலை தீர்மானிக்கப் போவதில்லை, எது நல்ல நிலையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கும்.

கணக்கில் சாலயா முந்துகிறது. இப்போது தட்டுக்கு வருவோம். சாலயாவுக்குக் கெடுதல் வயிற்றில்தான் தொடங்கும். இரை தின்ற நிலையில் பிடிபட்டால் குடலிலுள்ள செரிமான நீர் வயிற்றுச் சுவரைக் கரைத்துவிடும், ஐஸ் தாமதமானால் இன்னும் வேகமாக. குவியலின் மேலே உள்ள பத்து மீனை மட்டும் பார்க்காமல் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் பத்து மீன் எடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வயிறு வெடித்திருந்தால் லொறியில் நசுங்கியதாக இருக்கலாம். நாலைந்து வெடித்து, விலாமுள் சதையை விட்டு வெளியே துருத்தியிருந்தால் குவியல் முழுவதும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. 500க்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். வீட்டில் பாதியைக் கழித்தால் சட்டியில் விலை பலயாவை நெருங்கிவிடும்.

பக்கத்துத் தட்டில் கும்பளா. ஒன்றைத் தலையில் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள். வால் கொஞ்சம் தொய்வது மலையகத்தில் இயல்பு, செத்த விறைப்பு தளர்ந்த பிறகுதான் மீன் இங்கே வந்து சேரும். துணிபோல மடிந்தால் வேண்டாம். முதுகில் விரலால் அழுத்தி எடுத்தால் குழி நிரம்பி வர வேண்டும். ஓரம் மங்கலானாலும் கண்மணி கறுப்பு, செவுள் வெளிர் சிவப்பு, விரலில் தேய்த்த பிசுக்கில் கவிச்சி இல்லை, முதுகின் நீலப்பச்சைக் கோடுகள் இன்னும் மினுங்குகின்றன என்றால், 1,150 ரூபாய்க்கு இதுவே அன்றைய மீன்.

கடல் மீன் விலை எகிறும் நாட்களும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக் காற்றில் மேற்கு, தெற்குக் கடல் கொந்தளிக்கும், அப்போது திருகோணமலைப் பக்கத்து மீன் கைகொடுக்கும். ஆண்டுக் கடைசியில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்போது நிலைமை தலைகீழாகும். வெளிச்சம் வைத்துப் பிடிக்கும் சிறு மீன்கள் பூரண நிலவு நாட்களில் குறைவாகவே அகப்படும். போயா முடிந்த மறுநாள் தட்டில் இருப்பது முந்தின நாட்களின் மிச்சமாக இருக்கக்கூடும் என்பதால் அன்று செவுளை இன்னும் கவனமாகப் பாருங்கள். இந்த நாட்களில் கொத்மலை, விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்களின் திலாப்பியா நல்ல மாற்று. பயணம் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. தலையும் முள்ளும் கனம் என்பதால் மேலே போட்ட கணக்கில் கிலோவுக்கு 550 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் வழி

டவுனிலிருந்து தோட்டத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்றால், மற்ற சாமான்களை எல்லாம் வாங்கிவிட்டு மீன் கடைக்குக் கடைசியாகப் போங்கள். மீன் ஒரு கிலோ என்றால் உடைத்த ஐஸ் அரைக் கிலோவாவது கேட்டு வாங்கி, இரட்டை சொப்பிங் பேக்கில் போட்டு, மேலே நாலைந்து தாள் பழைய பேப்பர் சுற்றுங்கள். கடையிலேயே குடலும் செவுளும் எடுத்துவிட்டால் கிருமிகள் மிகுந்த பகுதி அங்கேயே கழிந்துவிடும். நிறுத்ததும் முதலில் செவுளைப் பாருங்கள், பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

ஃபிரிஜ் இல்லாத வீட்டில் அன்று மாலையே முழு மீனையும் சமைத்துவிடுவதே பாதுகாப்பு. கொறக்காவும் உப்பும் மிளகும் போட்டு வற்றவைத்த மீன் சாதாரணக் குழம்பைவிட நின்று பிடிக்கும், புளிப்பும் உப்பும் கிருமிகளைத் தடுப்பதால். ஏற்கெனவே உண்டான ஹிஸ்டமினை அது ஒன்றும் செய்யாது. சமைத்த பலயாவின் சதையில் தேன்கூடுபோலச் சிறு ஓட்டைகள் தெரிந்தாலும், முதல் வாயிலேயே காரத்துக்கு மேல் ஒரு எரிவும் சுணைப்பும் நாக்கில் பட்டாலும் அந்தச் சட்டியை அப்படியே கொட்டிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு மூச்சுத் திணறலோ தலைச்சுற்றலோ வந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.